பழைய மதிப்பெண்ணை நினைவுபடுத்தச் சொல்லாதீர்கள்: பயிற்சி மதிப்பீடு கேள்வி-பதில்

மேற்பார்வையாளர்கள் 20 பேருக்கு, பிறர் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்பது பற்றி இரண்டு நாள் பயிற்சி தந்தோம். 5-க்கு எத்தனை என்று அவர்களே மதிப்பெண் போட்டுக்கொண்டார்கள். முன்பு சராசரி 3.8, பின்பு 3.9. பயிற்சி வீண்தானா?

இந்த இரண்டு எண்களை வைத்து அப்படிச் சொல்ல முடியாது. முதல் நாள் காலையில் 'குறுக்கிடாமல் கேட்பேன்' என்ற வரிக்கு 4 போட்டவருக்கு, குறுக்கிடுவது என்றால் என்னவென்றே அப்போது முழுதாகத் தெரியாது. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும் என்று நினைத்திருப்பார். பாதிப் பேச்சில் தீர்வு சொல்வதும் குறுக்கீடுதான் என்று பயிற்சியில் தெரிந்துகொள்கிறார். மறுநாள் மாலை மறுபடி 4 போடுகிறார். இரண்டும் ஒரே 4 அல்ல. நடுவில் அவருடைய அளவுகோல் நீண்டுவிட்டது. உளவியலாளர் ஜார்ஜ் ஹோவர்டும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1979-இல் இதைத்தான் எடுத்துக்காட்டினார்கள்.

அடுத்த குழுவுக்குக் கடைசிப் படிவத்தில் 'பயிற்சிக்கு முன் நீங்கள் எப்படி இருந்தீர்கள் என்று இப்போது கருதுகிறீர்கள்?' என்றும் கேளுங்கள். அங்கேயும் முன்பு 3.8, பின்பு 3.9 என்றே வந்து, இந்தக் கேள்வியின் சராசரி 2.6 என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். புதிய அளவுகோலின்படி முன்னேற்றம் 1.3. காலையில் போட்ட 3.8-க்கும் இந்த 2.6-க்கும் உள்ள இடைவெளி 1.2, அளவுகோல் நகர்ந்த தூரம் ஏறக்குறைய அவ்வளவு.

எதை முதலில் கேட்பது?

'இப்போது' முதலில், 'அப்போது' பிறகு. பழைய படிவத்தைக் கண்ணில் காட்டாதீர்கள்.

'அன்று என்ன மதிப்பெண் போட்டீர்கள்?' என்று கேட்டிருந்தோம். பலருக்கு நினைவில்லை.

ஏன் நினைவிருக்க வேண்டும்? நீங்கள் சோதித்தது ஞாபகசக்தியை. வேண்டியது பழைய மதிப்பெண் அல்ல, இன்றைய கண்ணால் பார்த்த அன்றைய நிலை. கேள்வியை எழுதியபின் ஒருமுறை வாய்விட்டுப் படித்திருந்தால் தெரிந்திருக்கும்.

பின்னோக்கிக் கேட்பதுதான் சரி என்றால் முன்படிவம் எதற்கு? ஒரே படிவத்தில் முடித்துவிடலாமே. எண்ணும் நன்றாக வருகிறது.

கடைசி வாக்கியம்தான் எனக்குக் கவலை தருகிறது. மாதம் இரண்டு கடிதமாவது இப்படி வருகிறது. எண் பெரிதாக வருவதால் ஒரு முறையைத் தேர்ந்தெடுப்பது மதிப்பீடு ஆகாது.

பின்னோக்கிய கேள்விக்கும் அதற்கே உரிய சாய்வு உண்டு. இரண்டு நாள் செலவழித்தவர் தான் மாறியிருக்க வேண்டும் என்று நம்ப விரும்புவார். பழைய தன்னைக் கொஞ்சம் தாழ்த்தினால் மாற்றம் தானாகத் தெரியும். பயிற்சியாளர் எதிரே நின்றால் இன்னும் தாழ்த்துவார். போதாததற்கு, நடுவில் எழுந்து போனவர்களின் தொடக்க நிலை உங்களிடம் இருக்காது. கடைசிவரை இருந்தவர்களின் கணக்கு மட்டுமே மிஞ்சும்.

ஆகவே மூன்றையும் வாங்குங்கள்: முன், பின், பின்னோக்கு. கூடவே, பயிற்சியில் தொடவே தொடாத ஒரு திறனையும் படிவத்தில் சேருங்கள். மேலே சொன்ன குழுவில் 'வேலை நேர அட்டவணை போடுவேன்' என்ற வரி இருக்கட்டும். 'அப்போது'க்கும் 'இப்போது'க்கும் இடையே அது 0.2 மட்டும் உயர்ந்தால், கேட்கும் திறனில் வந்த 1.3-ஐ ஓரளவு நம்பலாம். கற்றுக்கொடுக்காத அதுவே 0.9 உயர்ந்திருந்தால், அந்த 1.3-இல் பெரும்பகுதி மனநிறைவின் மதிப்பெண். கழித்துப் பார்த்து மிச்சம் 0.4-தான் உண்மை என்று எழுதிவிடவும் கூடாது. அவ்வளவு துல்லியம் இதில் இல்லை.

இன்னொரு வழியும் உண்டு. மதிப்பெண்ணை அதிகம் இறக்கியவர்கள் நாலைந்து பேரிடம் தனியே காரணம் கேளுங்கள். 'தீர்வு சொல்வதைத்தான் கேட்பது என்று நினைத்திருந்தேன்' என்று குறிப்பாகச் சொன்னால் அளவுகோல் நகர்ந்திருக்கிறது. 'நல்ல பயிற்சி, நிறைய கற்றேன்' என்றால் அது சான்று ஆகாது.

பாதுகாப்பு விதிகள் பற்றிய சரி-தவறு தேர்வுக்கும் பின்னோக்கிக் கேட்கலாமா?

வேண்டாம். விடைத்தாள் திருத்தக்கூடிய இடத்தில் தேர்வே வையுங்கள். அளவுகோல் நகர்வது சுயமதிப்பீட்டில்தான்.

படிவத்தில் பெயர் வாங்கவில்லை. சராசரிகளை மட்டும் ஒப்பிடலாமா?

ஒப்பிடலாம், ஆனால் யார் எவ்வளவு மாறினார் என்பது போய்விடும். பெயர் வேண்டாம், ஆளுக்கொரு குறியெண் போதும். திரும்பவும் சொல்கிறேன், பழைய படிவத்தைக் காட்டாதீர்கள்.

அறிக்கையில் எந்த வித்தியாசத்தைப் போடுவது, 0.1-ஆ 1.3-ஆ?

இரண்டையும், எந்தக் கேள்விக்கு வந்த விடை என்ற ஒரு வரியோடு.