எல்லாருக்குமா, அனுப்பியவருக்கு மட்டுமா?

கேள்வி: கோவையில் பம்பு செய்யும் கம்பெனியில் பர்ச்சேஸ் பிரிவில் இருக்கிறேன். எங்கள் மெயில் ட்ரெயிலில் முப்பது, நாற்பது பேர் இருப்பார்கள். போன மாதம் ஒன்றுக்கு ரிப்ளை ஆல் போட்டேன், “ஊரையே ஏன் கூட்டுறே?” என்றார் மேலாளர். அடுத்த முறை அனுப்பியவருக்கு மட்டும் போட்டேன், “எங்களுக்கு ஏன் சொல்லவில்லை?” என்று ஸ்டோர்ஸில் கோபித்துக்கொண்டார்கள். எப்போது எதை அழுத்துவது?

பதில்: மேலாளர் சொன்னதும் சரியாக இருக்கலாம், ஸ்டோர்ஸின் கோபமும் நியாயமாக இருக்கலாம். ட்ரெயிலில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதை வைத்து முடிவெடுத்தால் இப்படித்தான் இரண்டு பக்கமும் அடி விழும். ஐந்து பேர் உள்ள மெயிலுக்கு ஒருவருக்கு மட்டும் பதில் போட வேண்டியிருக்கும். ஐம்பது பேர் உள்ள மெயிலுக்கு எல்லாருக்கும் போட வேண்டியிருக்கும். உங்கள் பதிலைப் படித்த பிறகு யாருடைய வேலை மாறும் என்று பாருங்கள். யாருடைய வேலை மாறுமோ அவருக்குத்தான் பதில்.

ஒரு மெயிலை எடுத்துக்கொண்டு பார்ப்போம். உங்கள் ஐ.டி. பிரிவிலிருந்து இப்படி வருகிறது என்று வையுங்கள்: “14ஆம் தேதி சனிக்கிழமை இரவு 10 மணி முதல் ஞாயிறு காலை 6 மணி வரை ஈ.ஆர்.பி. சர்வர் நிறுத்தப்படும். ஒவ்வொரு பிரிவும் அன்றிரவு தொடர்புகொள்ள ஒருவருடைய பெயரும் கைபேசி எண்ணும் வெள்ளிக்கிழமைக்குள் தரவும். சிரமம் ஏதாவது இருந்தால் தெரிவிக்கவும்.” To-வில் பிரிவுத் தலைவர்கள். Cc-யில் இரண்டு ஆலைகளின் குழு முகவரிகள், கூடவே வெளியிலிருந்து வரும் சாஃப்ட்வேர் கம்பெனிக்காரர்கள் இருவர்.

இந்த ஒரே மெயிலுக்குள் இரண்டு வேறு வேலைகள் இருக்கின்றன. பெயரும் எண்ணும் கேட்பது தகவல் திரட்டுவது. அதை ஐ.டி.யில் ஒருவர் வாங்கி ஒரு பட்டியலில் போட்டுக்கொள்வார். பர்ச்சேஸில் யார் அன்றிரவு போன் எடுப்பார் என்பது பெயின்ட் ஷாப்பில் இருப்பவருக்கு எதற்கு? இதற்கு அனுப்பியவருக்கு மட்டும் பதில். எல்லாருக்கும் போட்டால் தொந்தரவு என்பது ஒரு பக்கம்; உங்கள் பிரிவு ஆளின் சொந்தக் கைபேசி எண் இரண்டு ஆலைக்கும் வெளிக் கம்பெனிக்கும் போய்விடும் என்பதுதான் பெரிய விஷயம். வருகை உறுதி, விடுப்பு நாள், சட்டை அளவு, பயிற்சிக்கு வசதியான நேரம் எல்லாம் இதே வகைதான்.

“சிரமம் இருந்தால் தெரிவிக்கவும்” என்பது வேறு. சனிக்கிழமை இரவு 11 மணிக்கு வார்ப்பு லோடு ஒன்று வருகிறது என்று உங்களுக்குத் தெரியும். சர்வர் இல்லையென்றால் சரக்கு வந்ததற்கான பதிவான ஜி.ஆர்.என். போட முடியாது, வண்டி கேட்டிலேயே நிற்கும். இதை ஐ.டி.க்கு மட்டும் சொன்னால், அவர் “ஞாயிறு காலை போட்டுக்கொள்ளுங்கள்” என்று உங்களுக்குப் பதில் சொல்லிவிடுவார். இரவு வண்டி வரும்போது ஸ்டோர்ஸ்காரருக்கும் செக்யூரிட்டிக்கும் ஒன்றும் தெரியாது. இரண்டாவது முறை உங்களுக்கு நடந்தது இந்த மாதிரி ஒன்றாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்: சரக்கை இறக்குவது யாரோ, அவரை விட்டுவிட்டு முடிவு எடுக்கப்பட்டிருக்கும்.

அதற்காக இரண்டு ஆலைக்கும் போட வேண்டுமா? வேண்டாம். இங்கேதான் பலரும் மறக்கும் மூன்றாவது வழி இருக்கிறது. ரிப்ளை ஆல் அழுத்துங்கள், அப்புறம் Cc-யில் உள்ள குழு முகவரிகளையும் வெளியாட்களையும் எடுத்துவிடுங்கள். ஐ.டி., ஸ்டோர்ஸ், தர ஆய்வு, கேட் பொறுப்பாளர் என்று லோடு சம்பந்தப்பட்டவர்களை மட்டும் வையுங்கள். முதல் வரியிலேயே “லோடு சம்பந்தமானவர்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை எடுத்துவிட்டேன்” என்று எழுதுங்கள். இந்த ஒரு வரி இல்லாவிட்டால், ஏன் சிலரைக் காணோம் என்று யாராவது பழைய பட்டியலைத் திரும்பச் சேர்த்துவிடுவார்.

பேசி முடித்து, “சனி இரவு வரும் சரக்கைக் கையால் எழுதிய சீட்டில் ஏற்பது, ஞாயிறு காலை சிஸ்டத்தில் போடுவது” என்று முடிவாகிறது. இது மற்ற ஆலைக்கும் பொருந்தும் என்றால் எல்லாருக்கும் போக வேண்டும். ஆனால் அதை அனுப்ப வேண்டியவர் நீங்கள் இல்லை, அறிவிப்பு விட்ட ஐ.டி.காரர். ஒரே விஷயத்துக்கு இரண்டு பேர் அறிவிப்பு விட்டால் எது கடைசி என்று யாருக்கும் புரியாது.

தேதியில் தவறு இருந்தால்? 14ஆம் தேதி வெள்ளிக்கிழமை, மெயிலில் சனி என்று இருக்கிறது என்று வையுங்கள். இது எல்லாருடைய வேலையையும் மாற்றும் விஷயம்தான். ஆனாலும் முதலில் ஐ.டி.க்குப் போன் போடுங்கள். அவரே திருத்தி அனுப்பினால் அவர் மானமும் தப்பும், உண்மையில் எந்த நாள் என்பதும் தெளிவாகும், ஏனென்றால் தவறு தேதியிலா கிழமையிலா என்று உங்களுக்கே தெரியாது. அவர் கிடைக்கவில்லை, இன்னும் சில மணி நேரத்தில் மற்றவர்கள் அதை நம்பி ஆள் போட்டுவிடுவார்கள் என்ற நிலையில் மட்டும் ரிப்ளை ஆல்: “14 வெள்ளிக்கிழமை. எந்த நாள் என்று ஐ.டி. உறுதி செய்யும்வரை ஷிப்ட் மாற்ற வேண்டாம்.” அவ்வளவு போதும்.

“நோட்டட்”, “தேங்க்ஸ்” பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கேட்டிருந்தால் அனுப்பியவருக்கு மட்டும். கேட்கவில்லை என்றால் வேண்டவே வேண்டாம். ஒருவர் சொன்னதை நீங்கள் மறுக்கிறீர்கள் என்றால், அவர் முகம் சுருங்கும் அளவுக்கு இருந்தால், அதுவும் தனியாகத்தான்.

அழுத்துவதற்கு முன் பார்க்க வேண்டிய சில விஷயங்கள் உண்டு. குழு முகவரி ஒரே பெயராகத் தெரியும். அதற்குள் எண்பது பேர் இருக்கலாம். அவுட்லுக்கில் அந்தப் பெயருக்குப் பக்கத்தில் உள்ள + குறியை அழுத்தினால் உள்ளே யார் இருக்கிறார்கள் என்று விரியும். விரித்துப் பார்க்காமல் சம்பள விஷயம், சப்ளையர் விலை எதையும் எழுதாதீர்கள்.

இன்னொன்று, பர்ச்சேஸில் அடிக்கடி சிக்கல் தருவது. ரிப்ளை ஆல் என்பது ட்ரெயிலில் எப்போதோ இருந்த எல்லாருக்கும் போவதில்லை. நீங்கள் எந்த மெயிலுக்குப் பதில் போடுகிறீர்களோ, அதில் இருப்பவர்களுக்கு மட்டும் போகும். நடுவில் ஒருவர் வெறும் ரிப்ளை அழுத்தியிருந்தால் ட்ரெயில் அங்கே கிளை பிரிந்துவிடும். நீங்கள் அந்தக் கிளையின் கடைசி மெயிலுக்கு ரிப்ளை ஆல் போட்டாலும் ஸ்டோர்ஸ்காரர் அதில் இருக்க மாட்டார். “எல்லாருக்கும்தானே போட்டேன்” என்று நீங்கள் சொல்வீர்கள், “எனக்கு வரவில்லை” என்று அவர் சொல்வார், இருவரும் சொல்வது உண்மை. முக்கியமான பதில் என்றால் முகவரி வரியை ஒருமுறை விரலால் தொட்டு எண்ணுவதில் வெட்கமில்லை.

Bcc-யில் உங்களை வைத்து ஒரு மெயில் வந்தால் அதற்கு ரிப்ளை ஆல் போடவே கூடாது. உங்களுக்கும் காட்டியிருக்கிறார்கள் என்பது To, Cc-யில் உள்ள அத்தனை பேருக்கும் தெரிந்துவிடும். அனுப்பியவரை மாட்டிவிட்டது போலாகும்.

ஜிமெயிலில் வேலை செய்கிறீர்கள் என்றால், Settings-இல் Default reply behavior என்று ஒன்று இருக்கும். அதில் Reply இருக்கட்டும். தவறாக ஒருவருக்கு மட்டும் போனால் மறுபடி அனுப்பிக்கொள்ளலாம். தவறாக எல்லாருக்கும் போனதைத் திரும்பப் பெற முடியாது. பக்கத்திலேயே இருக்கும் Undo Send நேரத்தை 30 விநாடிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அவுட்லுக்கின் Recall-ஐ நம்பி இருக்காதீர்கள். கம்பெனிக்கு வெளியே போன மெயிலை அது திரும்ப இழுக்காது.

பெரிய பட்டியலில் யாரோ தவறாக ஏதோ அனுப்ப, ஆளாளுக்கு “என்னை இதிலிருந்து எடுத்துவிடுங்கள்” என்று ரிப்ளை ஆல் போடுவது தனிக் கூத்து. 1997இல் மைக்ரோசாஃப்டுக்குள்ளேயே இது நடந்தது. பெட்லம் டி.எல்.3 என்ற பட்டியலில் சுமார் 13,000 பேர். “என்னை எடு” என்றவர்களும் “நானும்” என்றவர்களும் “ரிப்ளை ஆல் போடாதீர்கள்” என்று ரிப்ளை ஆல் போட்டவர்களும் சேர்ந்து அவர்களுடைய மெயில் சர்வர்களையே படுக்கவைத்துவிட்டார்கள். 2016 நவம்பரில் இங்கிலாந்தின் அரசு மருத்துவச் சேவையில் ஒரு சோதனை மெயில் 8 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குப் போய், இதே மாதிரிப் பதில்களால் மெயில் தடுமாறியது. 2020இல் மைக்ரோசாஃப்ட் தன் அலுவலக மெயில் சேவையில் இதைத் தானாக நிறுத்தும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. 5,000 பேருக்கு மேல் போகும் ட்ரெயிலில் ஒரு மணி நேரத்துக்குள் 10 ரிப்ளை ஆல் வந்தால், அதற்குப் பிறகு வருபவை நான்கு மணி நேரத்துக்குத் தடுக்கப்படும் என்று அப்போது வைத்தார்கள். உங்கள் நாற்பது பேர் ட்ரெயிலுக்கு இது உதவாது. அங்கே நீங்கள் செய்யக்கூடியது, பதில் போடாமல் ஜிமெயிலில் Mute அல்லது அவுட்லுக்கில் Ignore அழுத்துவதுதான். Ignore அழுத்தினால் பின்னால் வரும் மெயில்களும் Deleted Items-க்குப் போய்விடும். அதில் உண்மையான வேலை ஏதாவது நடந்தால் தவறவிடுவீர்கள் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

நீங்களே பலருக்கு எழுதும்போது, பதில் எங்கே வர வேண்டும் என்பதை மெயிலிலேயே சொல்லிவிடுங்கள்: “விலைப் பட்டியல் எனக்கு மட்டும், டெலிவரி தேதியில் மாற்றம் என்றால் எல்லாருக்கும்.” யாருக்கும் யாரும் பதில் சொல்லத் தேவையில்லாத அறிவிப்பு என்றால் பட்டியலை Bcc-யில் போடுங்கள். எவர் ரிப்ளை ஆல் அழுத்தினாலும் உங்களுக்கு மட்டும்தான் வரும். சப்ளையர்கள் பத்துப் பேருக்கு ஒரே விசாரணை அனுப்பும்போது இது கட்டாயம். இல்லையென்றால் ஒருவர் சொன்ன விலை மற்ற ஒன்பது பேருக்கும் போய்ச் சேரும்.

கடைசியாக உங்கள் மேலாளர். சில ஆலைகளில் தர விலகல் அனுமதி, பொருள் மாற்றம் போன்றவற்றுக்கு ஆடிட்டில் ட்ரெயிலைக் காட்ட வேண்டியிருக்கும். அந்த மாதிரி மெயில்களில் பதில் ஒருவருக்கு மட்டும் தேவைப்பட்டாலும் தர ஆய்வையும் மேலாளரையும் Cc-யில் வைத்தே போடுவார்கள். எந்தெந்த விஷயத்துக்கு அவர் அப்படி எதிர்பார்க்கிறார் என்று ஒருமுறை நேரில் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மெயிலுக்கும் ஊகிக்க வேண்டியிருக்காது.