அன்னையர் தின கேப்ஷன்: பட்ஜெட்டும் கடைசி தேதியும், கேள்வி பதில்

கோத்தகிரியிலிருந்து: அக்கா, கடைக்காக இன்ஸ்டாகிராமில் போடும் அன்னையர் தின கேப்ஷனில் ஆர்டருக்குக் கடைசி தேதி எதைப் போடுவது? நான் எப்போதும் முந்தின நாள்வரை ஆர்டர் வாங்குவேன்.

கடைக்கே வந்து வாங்குகிறவர்களுக்கு அது சரி. பார்சல் என்றால் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். 2025இல் அன்னையர் தினம் மே 11, நான் மே 8 வியாழன் வரை என்று போட்டுவிட்டேன். மூன்று நாளில் போய்விடும் என்று கணக்கு, ஆனால் மூன்றாவது நாளே ஞாயிறு, அன்றைக்கு டெலிவரி கிடையாது. திங்கள்கிழமை போய்ச் சேர்ந்த பெட்டிகளுக்கெல்லாம் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன், ஒரு பெண் போனில் அழுததை இன்னும் மறக்க முடியவில்லை.

2026இல் அது மே 10. வெள்ளி 8ஆம் தேதி அம்மா கையில் இருக்க வேண்டும், சனிக்கிழமை தாமதத்துக்கென்று விட்டுவிட வேண்டும். குன்னூரிலிருந்து சென்னைக்கு எனக்கு மூன்று நாள் ஆகிறது, அதனால் 5ஆம் தேதி செவ்வாய் சாயங்கால வண்டியில் ஏற்றியாக வேண்டும், ஆர்டர் அன்று பகல் 12 மணியோடு முடிந்தது. பெயர் போட்ட கப் என்றால் அச்சுக்கு ஒரு நாள் வேண்டும், இடையில் ஞாயிறு வேறு வருகிறது, அதனால் மே 2 சனி. ஆக ஒரே கேப்ஷனில் இரண்டு தேதி வரும், தயங்காமல் இரண்டையும் போடுங்கள். மே மாதம் சீசன், மலைப்பாதையை ஒருவழி ஆக்கிவிடுவார்கள், வண்டி எப்போது கீழே இறங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

ஊட்டியிலிருந்து: விலையே போடக்கூடாது அக்கா. ‘விலைக்கு மெசேஜ் செய்யவும்’ என்றால் ஆள் பேச வருவார்கள், பேசினால்தான் வியாபாரம்.

பேசினால் வியாபாரம் நடக்கும் என்பது உண்மைதான். ஆனால் 300 ரூபாய் வைத்திருக்கிற காலேஜ் பையன் விலை கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு அப்படியே நகர்ந்துவிடுவான். அவனுக்கும் நம் கடையில் ஒன்று இருக்கிறது என்பது கேப்ஷனிலேயே தெரிய வேண்டும். மூன்று விலைப்படி போதும், ஒரு படிக்கு ஒரே பொருள். ஐந்தாறு பொருளை அடுக்கினால், யோசித்துவிட்டு வருகிறேன் என்று போய்விடுவார்கள். கூரியர் செலவு சேர்த்த விலையா இல்லையா என்பதையும் எழுதுங்கள், கடைசியில் 80 ரூபாய் கூட்டிச் சொன்னால் முகம் சுளிப்பது நியாயம்தானே.

கூடலூரிலிருந்து: அக்கா, திருச்சியில் இருக்கும் அம்மாவுக்கு ஹோம்மேட் சாக்லேட் அனுப்பணும், பெட்டி மேல என்ன கேப்ஷன் எழுதட்டும்?

தம்பி, இங்கே பேசுவது கடைக்காரர்கள் போடும் கேப்ஷனைப் பற்றி. பெட்டி மேல் நீங்கள் அம்மாவை எப்படிக் கூப்பிடுவீர்களோ அதை எழுதுங்கள். ஆனால் சாக்லேட் மட்டும் வேண்டாம். இங்கே கல்லு மாதிரி இருப்பது மேட்டுப்பாளையம் தாண்டினால் மே மாத வெயிலில் இளகிவிடும், ராத்திரி மறுபடி இறுகும்போது மேலே வெள்ளை பூத்து நிற்கும். கெட்டுப்போனதில்லை, ஆனால் பிரித்துப் பார்க்கிற அம்மாவுக்குப் பூஞ்சை போலத்தான் தெரியும். டீத்தூள் அனுப்புங்கள். தைல பாட்டில் வேண்டுமென்றால் கூரியரில் முதலிலேயே கேளுங்கள், தீப்பற்றும் எண்ணெய் என்பதால் விமானத்தில் போகும் பார்சலில் எடுக்க மாட்டார்கள்.

கொடைக்கானலிலிருந்து: நீங்க போடப் போறதை அப்படியே காட்டுங்களேன்.

> அன்னையர் தினம் மே 10, ஞாயிறு. கடைசி ஆர்டர்: மே 5 செவ்வாய் பகல் 12 மணி. பெயர் போட்ட கப்புக்கு மே 2 சனி.
> ₹300: குன்னூர் டீ கால் கிலோ, துணிப்பையில், நீங்கள் சொல்லும் இரண்டு வரி கையால் எழுதி.
> ₹700: அதே டீ, அம்மா பெயர் போட்ட கப்.
> ₹1500: தோடர் எம்பிராய்டரி பை, கைவசம் 6 மட்டும்.
> கூரியர் செலவு உட்பட. சாக்லேட் ஊட்டி, குன்னூர், கோத்தகிரிக்கு மட்டும்.

தேதி முதல் வரியில் இருப்பதற்குக் காரணம் உண்டு. இன்ஸ்டாகிராமில் ஓரிரு வரிக்கு மேல் மடங்கிவிடும், நிறையப் பேர் அதைத் திறப்பதே இல்லை. ‘கைவசம் 6’ என்பதும் ஆசை காட்டப் போட்டதில்லை. தோடர் பெண்கள் வெள்ளைத் துணியின் இழையை எண்ணி எண்ணி, சிவப்பு, கறுப்பு நூலால் கையில் போடுகிற வேலை அது. மே மாதம் ஆர்டர் வாங்கிக்கொண்டு அவர்களை அவசரப்படுத்துவது தப்பு. ஆறாவது விற்றதும் அந்த வரியை எடுத்துவிடுவேன்.

குன்னூரிலிருந்து: என் தங்கை லண்டனில் இருக்கிறாள், அங்கே மார்ச்சிலேயே முடிந்துவிட்டது என்கிறாளே?

அவள் சொல்வது சரி. பிரிட்டனில் அது ஈஸ்டருக்கு மூன்று வாரம் முந்தைய ஞாயிறு, 2026இல் மார்ச் 15. இங்கே மே மாத இரண்டாவது ஞாயிறு. வெளிநாட்டு வாடிக்கையாளர் இருந்தால் தேதியை எண்ணில் எழுதுவது இதற்காகவும்தான்.

ஊட்டியிலிருந்து மறுபடியும்: சரி, விலை போடுகிறேன். ஆனால் 1500ஐ முதலில் போட்டால் 700 மலிவாகத் தெரியுமே?

தெரியும், இரண்டு வருஷம் அப்படியும் போட்டேன். 700 கொஞ்சம் கூடப் போனது, 300 குறைந்தது. எனக்கு அந்த 300 ரூபாய் பிள்ளைகள் வருவது பிடிக்கும், அதனால் கீழிருந்து போடுகிறேன். உங்கள் கடைக்கு எது சரி என்று இந்த மே முடிந்ததும் நீங்கள்தான் எனக்குச் சொல்ல வேண்டும்.