ரெக்கமண்டேஷன் லெட்டர் கேக்குற மெயில்ல என்ன எழுதணும்?

கேள்வி: மாஸ்டர்ஸ் அப்ளை பண்றேன். ரெண்டு வருஷம் முன்னாடி எனக்கு ப்ராஜெக்ட் கைடா இருந்த ப்ரொஃபசர்கிட்ட லெட்டர் கேக்கணும், அவருக்கு என்னை ஞாபகம் இருக்குமானே தெரியல. எப்படி கேக்குறது, என்னென்ன குடுக்கணும்?

பதில்:

ரெண்டு மெயிலா பிரிச்சுக்கோங்க. முதல் மெயில் நாலஞ்சு வரி போதும், டெட்லைனுக்கு ஒரு மாசமாவது முன்னாடி போகணும். நீங்க யாரு, எந்த பேட்ச், என்ன ப்ராஜெக்ட், எதுக்கு அப்ளை பண்றீங்க, முதல் டெட்லைன் எப்போ. கடைசில "என் வேலைய பத்தி நல்லா எழுத முடியும்னு உங்களுக்கு தோணுதா சார், இப்போ நேரம் இல்லன்னா பரவால்ல, நான் வேற ஏற்பாடு பண்ணிக்கிறேன்"னு கேளுங்க. இந்த வரி ரொம்ப முக்கியம், ஏன்னா அரைமனசா ஒத்துக்கிட்டவர் "நல்ல மாணவர், ஒழுங்கா வந்தார்"னு நாலு வரில முடிச்சிடுவார், அந்த லெட்டரால ஒரு பிரயோஜனமும் இல்ல.

சரின்னு சொன்னப்புறம் ரெண்டாவது மெயில். சிவி, எஸ்ஓபி, மார்க் ஷீட் எல்லாரும் அனுப்புறதுதான். நிறைய பேர் விடுறது என்னன்னா, அவர் கண்ணால பார்த்த விஷயத்த ஞாபகப்படுத்துறது. "நான் கடினமா உழைச்சேன்"னு எழுதினா அவர் அத வச்சு என்ன பண்ணுவார்? இப்படி எழுதுங்க:

"செகண்ட் ரிவ்யூல என் ட்ரெயினிங் டேட்டாவும் டெஸ்ட் டேட்டாவும் கலந்திருக்குன்னு நீங்க சொன்னீங்க சார். ரெண்டையும் பிரிச்சு மறுபடி ஓட்டினேன், அக்யூரசி 94லேர்ந்து 81க்கு எறங்கிடுச்சு. ரிப்போர்ட்ல அந்த 81ஐத்தான் போட்டேன்."

இத படிச்சதும் அவருக்கு உங்க முகமே ஞாபகம் வந்துடும், ஒரு பாராவும் தானா கிடைச்சிடும். இந்த மாதிரி ரெண்டு மூணு சம்பவம் போதும், உண்மையா நடந்தது மட்டும், புகழ்ச்சிய அவர்கிட்டயே விட்டுடுங்க.

அப்புறம் டெட்லைன். எல்லா காலேஜையும் தேதி வரிசைல ஒரே டேபிள்ல போடுங்க, எது முதல்ல முடியுதோ அது மேல, தேதியோட டைம் ஜோனும் சேர்த்து. லெட்டருக்கு தனி டெட்லைன் இருக்கான்னும் பாருங்க. பெரும்பாலும் நீங்க போர்டல்ல அவர் மெயில் ஐடிய போட்டதும் அவருக்கு ஒரு லிங்க் போகும், ஆனா சில போர்டல்ல நீங்க அப்ளிகேஷன சப்மிட் பண்ணாதான் லிங்க்கே போகும், இது தெரியாம கடைசி நாள் சப்மிட் பண்ணா அவருக்கு எழுத நேரமே இருக்காது. அதனால முன்னாடியே செக் பண்ணுங்க. முடிஞ்சா எல்லா லிங்க்கும் ஒரே வாரத்துல போற மாதிரி பாத்துக்கோங்க, அவர் ஒரே மூச்சுல அப்லோட் பண்ணிடுவார். லிங்க் அனுப்பின அன்னிக்கே "வந்துச்சா சார், ஸ்பாம்லயும் ஒரு தடவ பாருங்க"ன்னு ஒரு வரி போடுங்க. டெட்லைனுக்கு ஒரு வாரம் முன்னாடி ஒரு ரிமைண்டர், பழைய மெயிலுக்கே ரிப்ளை பண்ணி அனுப்புங்க, அவர் தேட வேண்டாம்.

பழைய மேனேஜர்கிட்ட கேக்குறவங்களுக்கும் இதேதான், ஆனா ஒண்ணு மட்டும் முதல் மெயில்லயே கேட்டுடுங்க. சில கம்பெனில லெட்டர்ஹெட்ல எழுத அனுமதி கிடையாது, ஹெச்ஆர்ல நீங்க வேலை பார்த்த தேதிய மட்டும்தான் குடுப்பாங்க. அப்படின்னா அவர் தனிப்பட்ட முறைல எழுதலாமா, பர்சனல் மெயில் ஐடிய அந்த காலேஜ் ஏத்துக்குமான்னு அட்மிஷன் ஆஃபீஸ்ல கேட்டுட்டு அப்புறமா போர்டல்ல அவர் பேர போடுங்க.