விடிய விடிய என்ன ஜெபிக்கிறோம்? மன்றாட்டுக் குழுவில் இருப்பவளின் பதில்

கேள்வி: என் மனைவி மாதத்துக்கு ஒருமுறை முழு இரவு ஜெபத்துக்குப் போகிறார். விடிய விடிய அப்படி என்னதான் ஜெபிப்பார்கள்? யாருக்கும் புரியாத அந்நியபாஷையில் ஜெபிப்பதால் யாருக்கு என்ன பயன்?

அவர் விடியற்காலையில் குரல் கம்மிப்போய் வீடு திரும்புவதும், அன்று முழுக்கத் தூக்கக் கலக்கத்தில் இருப்பதும் உங்களுக்கு வருத்தமாக இருக்கும் என்று நினைக்கிறேன். கேள்வியில் கோபத்தைவிட அந்த வருத்தம்தான் தெரிகிறது. நான் ஒரு பெந்தெகொஸ்தே சபையில் பல வருடங்களாக இரவு ஜெபத்தின் மன்றாட்டுக் குழுவை நடத்தி வருகிறேன். எல்லாச் சபைகளும் எங்களைப் போலவே செய்யும் என்று சொல்ல வரவில்லை. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

வெளியே நிற்பவர்களுக்கு ராத்திரி முழுக்க ஒரே சத்தம்தான் கேட்கும். உள்ளே அது நேரம் பிரித்து நடக்கிறது. பத்து மணிக்குத் தொடங்கினால் முதலில் துதியும் பாட்டும், பிறகு சுருக்கமாக ஒரு தேவசெய்தி. நள்ளிரவு தாண்டிய பிறகுதான் மன்றாட்டு ஜெபம், அதாவது மற்றவர்களுக்காகத் தேவனிடம் பரிந்து நிற்பது. இந்த ஜெபத்துக்காகத்தான் இரவு முழுக்க விழித்திருக்கிறோம். மற்றதெல்லாம் பகல் கூட்டத்திலும் உண்டு.

மன்றாட்டுக்கு ஆட்களைச் சிறு குழுக்களாகப் பிரிப்போம். ஒரு குழுவில் நான்கைந்து பேர் இருந்தால் போதும், அதற்கு மேல் போனால் பாதிப் பேர் வாய் திறக்கமாட்டார்கள். ஒவ்வொரு குழுவுக்கும் ஜெபக் குறிப்புகளை எழுதிய அட்டைகளைக் கொடுப்போம். அட்டையில் பெயரின் முதலெழுத்து, என்ன நிலைமை, என்ன கேட்கிறார்கள் என்ற மூன்று மட்டும் இருக்கும். முழுக் கதையும் எழுதினால் ஜெபம் ஊர்க்கதையாக மாறிவிடும். ஒருவர் குறிப்பை வாசித்துச் சத்தமாக ஜெபிப்பார், மற்றவர்கள் 'ஆமென்' சொல்லித் துணை நிற்பார்கள். பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் குரல் எழுப்பி ஜெபிப்போம். ஒருவர் எழுதிக்கொள்வதற்கென்று ஒதுங்கி உட்கார்ந்திருப்பார். யாருக்காவது ஒரு வசனமோ எண்ணமோ வந்தால் அதை அவரிடம் சொல்லலாமே தவிர, மைக்கில் போய் அறிவிக்கக் கூடாது. மூப்பர்கள் பார்த்து நிதானித்த பிறகுதான் அது சம்பந்தப்பட்டவரிடம் போகும்.

இரண்டரையிலிருந்து நான்கு மணி வரைதான் சிரமமான நேரம். உடம்பு தானாகவே தூக்கத்துக்கு இழுக்கும். அந்த நேரத்தில் பிரசங்கம் வைத்தால் கூடம் முழுக்கத் தூங்கிவிடும். அதனால் அப்போது எல்லோரையும் எழுப்பி, நடந்துகொண்டே ஜெபிக்க விடுவோம். வீட்டிலிருந்து வந்த தனிப்பட்ட குறிப்புகளை அதற்கு முன்பே முடித்துவிடுவோம், ஏனென்றால் தூக்கத்தில் பெயரையும் நோயையும் மாற்றிச் சொல்லிவிடுகிறவர்கள் உண்டு.

இப்படி ஆள் மாற்றி ஆள் விழித்திருப்பது நாங்கள் கண்டுபிடித்த முறை இல்லை. 1727-இல் ஜெர்மனியின் ஹெர்ன்ஹட் என்ற ஊரில் மொரேவியச் சகோதரர்கள் என்ற கிறிஸ்தவச் சபையைச் சேர்ந்த 24 ஆண்களும் 24 பெண்களும் ஆளுக்கு ஒரு மணி நேரம் என்று பங்கிட்டுக்கொண்டு தொடங்கிய ஜெபம் நூறு ஆண்டுகளுக்கு மேல் நடந்ததாகச் சொல்லப்படுகிறது. இன்று சங்கிலி ஜெபம் என்று சபைகள் நேர அட்டவணை போடுவது அந்த வழியில்தான்.

சரி, அந்நியபாஷைக்கு வருகிறேன், அதாவது பேசுகிறவருக்கே பொருள் தெரியாத வார்த்தைகளில் ஆவியால் ஏவப்பட்டு ஜெபிப்பது. இதை விளக்கிச் சொல்வதைவிட ஒரு குறிப்பை எடுத்துக்கொண்டு காட்டுவது எளிது.

ஒரு முறை எங்கள் குழுவுக்கு வந்த அட்டையில் ஒரு வயதானவரின் நிலைமை இருந்தது. பக்கவாதம் வந்து பேச்சு போய்விட்டது, சாப்பாடு குழாய் வழியாக. கொடுத்தது அவருடைய மனைவி. 'என்ன கேட்கிறீர்கள்' என்ற இடத்தை அந்த அம்மா வெறுமையாக விட்டிருந்தார்கள். நான் கேட்டபோது, "எனக்கே தெரியலம்மா, நீங்களே கேளுங்க" என்றார்கள்.

குழுவில் முதலில் ஒரு தம்பி பூரண சுகத்துக்காகப் பலமாக ஜெபித்தார். அடுத்து ஒரு அக்கா, அவரை வேதனையில்லாமல் தேவனிடத்தில் சேர்த்துக்கொள்ளும்படி கேட்டார். எங்களுக்குள் சட்டென்று ஒரு சங்கடம். ஒருவர் பிழைக்கக் கேட்கிறார், இன்னொருவர் போகக் கேட்கிறார், இருவருக்கும் ஆமென் சொல்வது எப்படி? யாரும் யாரையும் திருத்தவில்லை. கொஞ்ச நேரத்தில் வார்த்தை நின்றுபோனது. மூத்த சகோதரி ஒருவர் மெல்லிய குரலில் அந்நியபாஷையில் ஜெபிக்கத் தொடங்கினார், நாங்களும் சேர்ந்துகொண்டோம். நான் அழுதுகொண்டிருந்தேன், எதற்கு என்று கேட்டால் சொல்லத் தெரியாது. நெடுநேரம் அப்படியே போனது. பிறகு தானாக அடங்கியது, ஒரு அமைதி. அதன் பிறகு அந்தத் தம்பியே மறுபடியும் தமிழில் ஜெபித்தார். இந்த முறை நோயைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. அந்த அம்மா தனியாக இருக்கக் கூடாது, இரவில் அவர்களுக்குத் தூக்கம் வர வேண்டும், முடிவெடுக்கும்போது பிள்ளைகள் கூட நிற்க வேண்டும் என்று கேட்டார். நாங்கள் ஐந்து பேரும் ஒரே மனதாக ஆமென் சொன்னோம்.

அந்த ஐயாவுக்குப் பேச்சு திரும்பவில்லை. சில மாதங்கள் இருந்துவிட்டுப் போனார். அற்புதம் நடந்தது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அந்த அட்டையின் மூன்றாவது இடத்துக்கு நாங்கள் கடைசியில் ஒரு பதில் கண்டுபிடித்தோம், முதலில் எங்கள் யாரிடமும் அது இல்லை. அந்த வாரத்திலிருந்தே குழுவின் பெண்கள் முறை வைத்து இரவில் அந்த அம்மாவுக்குத் துணையாகப் போய்த் தங்கினார்கள்.

நாங்கள் அந்நியபாஷையை இப்படித்தான் புரிந்துகொள்கிறோம். என்ன கேட்பது என்று தெரியாதபோது ஆவியானவர் வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு வேண்டுதல் செய்கிறார் என்று ரோமர் 8:26 சொல்கிறது. அந்நியபாஷையில் பேசுகிறவன் மனிதரிடம் இல்லை, தேவனிடம் பேசுகிறான் என்று 1 கொரிந்தியர் 14:2 சொல்கிறது. பேசுவது உங்கள் மனைவிதான், கேட்கிறவர் தேவன். நடுவில் நமக்குப் புரிய வேண்டிய தகவல் எதுவும் இல்லை. அதே அதிகாரத்தில் பவுல் ஆவியோடும் ஜெபிப்பேன், கருத்தோடும் ஜெபிப்பேன் என்கிறார். அதனால் கருத்தோடு தொடங்கி, வார்த்தை தீர்ந்த இடத்தில் ஆவியோடு தொடர்ந்து, மறுபடியும் கருத்துக்குத் திரும்ப வேண்டும் என்று எங்கள் குழுவில் சொல்லிக் கொடுக்கிறோம். திரும்பி வராமல் ராத்திரி முழுக்க அந்நியபாஷையிலேயே இருந்தால், யாருக்காக ஜெபிக்கிறோம் என்பதே மறந்துபோகும். அது நடப்பதைப் பார்த்தால் நான் போய்த் தோளைத் தொட்டு அட்டையை மறுபடியும் கையில் கொடுப்பேன்.

இப்போது யாராவது 1 கொரிந்தியர் 14:28-ஐ எடுத்துக்கொண்டு வருவார்கள் என்று தெரியும். வியாக்கியானம் பண்ணுகிறவன் இல்லையென்றால் சபையிலே பேசாமலிருக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. நாங்கள் அதை மறைப்பதில்லை. சபைக்குச் செய்தியாக ஒருவர் அந்நியபாஷையில் சத்தமாகப் பேசும்போது எல்லோரும் நிறுத்திவிட்டு வியாக்கியானத்துக்குக் காத்திருக்கிறோம், இரண்டு மூன்று பேருக்கு மேல் விடுவதில்லை. எல்லோரும் சேர்ந்து தேவனிடம் ஜெபிப்பது வேறு என்பது எங்கள் நிலைப்பாடு. இதை ஏற்காத நல்ல விசுவாசிகள் இருக்கிறார்கள், அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை.

மொழியியல் தெரிந்தவர்களும் வருவார்கள். வில்லியம் சாமரின் என்ற மொழியியலாளர் 1972-இல் எழுதியதை நான் படித்திருக்கிறேன். பேசுகிறவர் தன் தாய்மொழி ஒலிகளைத்தான் பெரும்பாலும் பயன்படுத்துகிறார், அதில் மொழிக்குரிய பொருளமைப்பு இல்லை என்கிறார் அவர். 2006-இல் ஆண்ட்ரூ நியூபெர்க் குழு ஐந்து பெண்களின் மூளையைப் படமெடுத்துப் பார்த்தபோது, பாடும் நேரத்தைவிட அந்நியபாஷை நேரத்தில் மூளையின் முன்பகுதியில் இயக்கம் குறைந்திருந்தது. ஐந்து பேரை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. ஆனால் நாங்களே வார்த்தைகளைத் தேர்ந்தெடுத்துப் பேசவில்லை என்று நாங்கள் சொல்வதோடு அது பொருந்துகிறது. இரண்டுமே என் நம்பிக்கையைக் கலைக்கவில்லை.

உங்கள் மனைவிக்கு அந்நியபாஷை இன்னும் வரவில்லை என்றால் அவரை யாரும் நெருக்கக் கூடாது. "நான் சொல்றதைத் திரும்பச் சொல்லு" என்று அசைகளைச் சொல்லிக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். அது கற்றுக்கொடுக்கிற விஷயம் இல்லை. ஆவியின் அபிஷேகத்துக்கு அந்நியபாஷைதான் முதல் அடையாளம் என்று பல பெந்தெகொஸ்தே சபைகள் போதிக்கின்றன. 1967-இல் தொடங்கிய கத்தோலிக்க கரிஸ்மாட்டிக் எழுப்புதலில் பொதுவாக அப்படிக் கட்டாயமாக்குவதில்லை. மருந்தை நிறுத்தச் சொல்வது, வீட்டு விஷயத்தை மைக்கில் சொல்வது, வேகம் குறைந்தால் டிரம்ஸை ஏற்றி உணர்ச்சியைக் கிளப்புவது, இந்த மூன்றில் ஒன்று நடந்தாலும் உங்கள் மனைவியிடம் பேசுங்கள். நல்ல தலைவர் சத்தம் எல்லை மீறும்போது தாளத்தைத்தான் முதலில் நிறுத்துவார்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மனதில் நிற்கிறது. விடியும்போது கூட்டத்தில் பாதிக்கு மேல் பெண்கள்தான் இருப்பார்கள். பன்னிரண்டு மணிக்கே வீட்டுக்குப் போன ஆண்கள் ஞாயிற்றுக்கிழமை மேடையில் ஜெபத்தின் வல்லமையைப் பற்றிப் பேசுவார்கள். பாயைச் சுருட்டி, கூடத்தைப் பெருக்கி, கழிப்பறையைக் கழுவிவிட்டுப் போவது இரவெல்லாம் முழங்காலில் இருந்த அதே அக்காமார். நான் இருக்கும் சபையிலும் இது இருந்தது. பலமுறை கேட்டுப் பார்த்தோம், பிறகு அட்டவணையில் துப்புரவு முறைக்கும் ஆண்களின் பெயரை எழுதிவிட்டோம். சிலருக்குக் கோபம்தான், ஆனால் வருகிறார்கள்.

அப்புறம் ஒன்று. விழித்திருந்த தூக்கத்தோடு உங்கள் மனைவியைத் தனியாக வண்டி ஓட்டிக்கொண்டு வர விடாதீர்கள். முடிகிற நேரத்தைக் கேட்டு வைத்துக்கொண்டு நீங்களே போய்க் கூட்டி வாருங்கள். கொஞ்சம் முன்னதாகப் போனால் கடைசி அரைமணி நேரம் பின்னால் உட்கார்ந்து பார்க்கலாம், யாரும் உங்களை எதையும் செய்யச் சொல்லமாட்டார்கள்.