மனைவியின் பாலிசிக்கு யாருடைய நம்பர்?

கேள்வி: மூன்று மாதம் முன்பு வீடு மாறினோம். பழைய சிம்மையும் விட்டுவிட்டேன். காப்பீட்டு நிறுவனத்துக்குப் புது நம்பரிலிருந்து வாட்ஸ்அப்பில் அனுப்பியது இவ்வளவுதான்: "சார் வீடு மாறிட்டோம், புது அட்ரஸ் அனுப்பிருக்கேன் மாத்துங்க." "போன் நம்பரும் இனிமே இதுதான்." "என் ஒய்ஃப் பாலிசிக்கும் இதே நம்பர் போட்ருங்க, அர்ஜெண்ட்." பதிலே இல்லை. இதை முறையான கடிதமாக எப்படி எழுதுவது?

பதில்: கடிதத்துக்கு அப்புறம் வருகிறேன். முதலில் அந்த மூன்றாவது மெசேஜ்.

மனைவியின் பாலிசியில் உங்கள் நம்பர் எதற்கு? அந்த பாலிசிக்கு உரியவர் அவர். அதில் எதை மாற்றச் சொல்வதாக இருந்தாலும் அவர்தான் கேட்க வேண்டும், கையெழுத்தும் அவருடையதாக இருக்க வேண்டும். கணவர் சொன்னார் என்று ஒரு நிறுவனம் மாற்றிக் கொடுத்தால் அதைத்தான் நான் சந்தேகப்படுவேன்.

"நான் பார்த்துக்கொள்கிறேன், அவளுக்கு எதற்குத் தொல்லை" என்பீர்கள். இதே வசனத்தை எத்தனையோ கணவர்கள் எனக்கு எழுதியிருக்கிறார்கள். ஒரு பெண்மணி எழுதியது மட்டும் இன்னும் மறக்கவில்லை. வீட்டிலிருந்த எல்லா பாலிசிக்கும் அவர் கணவரின் எண்தான். அவர் இறந்ததும் அந்த எண்ணை நிறுத்திவிட்டார்கள். அந்த அம்மாவின் சொந்த பாலிசிக்கான பிரீமிய நினைவூட்டல்கள் அந்தச் செத்த எண்ணுக்கே போய்க்கொண்டிருந்தன. பாலிசி காலாவதியான பிறகுதான் அவருக்கு விஷயமே தெரிந்தது. மனைவிக்கு வரவேண்டிய தகவலை மனைவிக்கு வரவிடாமல் வைப்பதற்குப் பெயர் பொறுப்பு இல்லை. அவர் கடிதத்தை அவரே எழுதட்டும், அவர் எண்ணையே கொடுக்கட்டும். நீங்கள் செய்யக்கூடிய உதவி, பாலிசி பத்திரத்தை அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுப்பது.

இப்போது உங்கள் விஷயம். உங்கள் மெசேஜைப் படிப்பவருக்கு என்ன தெரியும்? பாலிசி எண் இல்லை, பெயர் இல்லை, எந்த முகவரி பழையது என்று இல்லை. அதைவிடப் பெரிய சிக்கல், அவர்கள் பதிவிலேயே இல்லாத ஒரு எண்ணிலிருந்து வந்து "இனிமே இதுதான் என் நம்பர்" என்கிறீர்கள். அடுத்தவர் பாலிசிப் பணத்தைத் திருட நினைப்பவனும் முதலில் செய்வது இதைத்தான். நம்பரைத் தன்னுடையதாக மாற்றிக்கொண்டால் ஓடிபி அவனுக்கு வந்துவிடும். அதனால்தான் பழைய எண்ணுக்கு ஓடிபி அனுப்பியோ, கையெழுத்தை விண்ணப்பத்தோடு ஒப்பிட்டோ பார்ப்பார்கள். பழைய சிம் உங்களிடம் இல்லை. கைவிட்ட எண்ணை வேறொருவருக்குக் கொடுத்திருக்கவும் கூடும். ஆகவே கடிதத்தில் அதை வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும்.

பொருள்: பாலிசி எண் …… – முகவரி மற்றும் தொடர்பு எண் மாற்றம்

ஐயா / அம்மையீர்,

மேற்கண்ட பாலிசி என் பெயரில் உள்ளது. …… தேதி முதல் புதிய முகவரியில் வசித்து வருகிறேன்.

பதிவில் உள்ள முகவரி: ……
புதிய முகவரி (அஞ்சல் குறியீட்டுடன்): ……
பதிவில் உள்ள கைபேசி எண்: ……
புதிய கைபேசி எண்: ……
மின்னஞ்சல்: ……

பதிவில் உள்ள கைபேசி எண் இப்போது என் பயன்பாட்டில் இல்லை. அந்த எண்ணுக்கு ஓடிபியோ வேறு தகவலோ அனுப்ப வேண்டாம். சரிபார்ப்புக்காக அடையாளச் சான்று, முகவரிச் சான்று ஆகியவற்றின் நகல்களை இணைத்துள்ளேன். மாற்றங்களைப் பதிவு செய்து, எழுத்து மூலம் உறுதிப்படுத்துமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
(கையெழுத்து, பெயர், தேதி)

பெயரைப் பாலிசியில் உள்ளபடியே எழுதுங்கள். பத்திரத்தில் முதலெழுத்து முன்னால் இருந்து, முகவரிச் சான்றில் பின்னால் இருந்தால்கூடத் திருப்பி அனுப்புகிற இடங்கள் உண்டு. நிறுவனம் தனக்கென்று ஒரு படிவம் வைத்திருந்தால் அதையும் நிரப்பிக் கடிதத்தோடு கொடுங்கள். "அர்ஜெண்ட்" என்ற சொல்லை எடுத்துவிட்டேன். தேதி இருந்தால் அது தேவையில்லை.

இது ஆயுள் காப்பீடாக இருந்தால் இவ்வளவு போதும். வீட்டுப் பொருட்களுக்கான காப்பீடு என்றால் கதை வேறு. அது குறிப்பிட்ட வீட்டில் இருக்கும் பொருட்களுக்கானது. வீடு மாறியதை அவர்கள் ஏற்று பாலிசியில் திருத்தம் எழுதித் தரும்வரை, புது வீட்டில் திருடு போனால் இழப்பீடு மறுக்கப்படலாம். அந்த பாலிசிக்கு இன்றே தனிக் கடிதம் எழுதுங்கள், பிரீமியம் மாறுமா என்றும் அதிலேயே கேளுங்கள்.

நேரில் கொடுத்தால் நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். மின்னஞ்சல் என்றால் வரும் கோரிக்கை எண்ணைக் குறித்துவையுங்கள். உறுதிக் கடிதம் வந்ததும் கதவு எண்ணையும் கைபேசி எண்ணையும் ஒவ்வொரு இலக்கமாகச் சரிபாருங்கள். மனைவிக்கு வரும் கடிதத்தை அவரே பிரித்துப் படிக்கட்டும்.