மிதக்கும் குழாய் கணக்கைவிட மெதுவாக ஆடுவது ஏன்?

*மகள் செகண்ட் பியூசி படிக்கிறாள். இயற்பியல் ப்ராஜெக்டுக்காக 50 மி.மீ. பிவிசி குழாயின் அடியை மூடி, உள்ளே மணல் போட்டு, பக்கெட் தண்ணீரில் மிதக்கவிட்டு, லேசாக அழுத்தி விடுகிறாள். மொத்த எடை 500 கிராம். ஐந்து முறை ஏறி இறங்க 5.2 வினாடி ஆகிறது. சூத்திரத்தில் போட்டால் g 9.3 தான் வருகிறது. தண்ணீரின் உராய்வுதான் காரணம் என்று எழுதலாமா?*
*— வாசகி, அல்சூர், பெங்களூரு*

உராய்வு என்று எழுத வேண்டாம். குழாய் ஆடும்போது அதனோடு சேர்ந்து கொஞ்சம் தண்ணீரும் ஆடுகிறது. அந்தத் தண்ணீரின் நிறை கணக்கில் விடுபட்டிருக்கிறது.

முதலில் சூத்திரம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடுவோம். குழாயின் நிறை m, வெளி விட்டத்தை வைத்துக் கணக்கிட்ட குறுக்குவெட்டுப் பரப்பு A, தண்ணீரின் அடர்த்தி ρ. சும்மா மிதக்கும்போது எடையும் மிதப்பு விசையும் சமம். இப்போது குழாயை y அளவு கீழே அழுத்தினால், கூடுதலாக A·y கன அளவு தண்ணீர் விலகுகிறது. மேல்நோக்கிய விசை ρgAy அளவு கூடுகிறது. எடை மாறவில்லை. ஆகவே மிஞ்சும் விசை இந்தக் கூடுதல் மட்டும்தான், அதுவும் அழுத்திய திசைக்கு எதிராக:

```
m y'' = −ρ g A y
y'' + (ρgA/m) y = 0
T = 2π √( m / ρgA )
```

இது சுருள்வில்லுக்கு எழுதும் அதே இரண்டாம் வரிசை வகைக்கெழுச் சமன்பாடு. வில் மாறிலியின் இடத்தில் ρgA நிற்கிறது. உங்கள் குழாய்க்கு A = 19.63 சதுர செ.மீ. பெங்களூரில் g 9.78 அளவு, அதைப் போட்டால் ρgA மீட்டருக்கு 19.2 நியூட்டன், T = 1.014 வினாடி. மகள் அளந்தது 1.04. இரண்டரை சதவீத வித்தியாசம்தான். ஆனால் g கணக்கில் T இருமடியாக வருவதால், அது ஐந்து சதவீதமாகிவிடுகிறது.

உராய்வு இவ்வளவு செய்யுமா என்று கணக்குப் போட்டே பார்க்கலாம். ஐந்து ஆட்டத்தில் வீச்சு பாதியாகக் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். சமன்பாட்டில் by' என்று ஒரு உறுப்பைச் சேர்த்தால் தணிவு விகிதம் 0.022 வரும். அலைவு நேரம் கூடுவது அதன் இருமடியில் பாதி, அதாவது 0.024 சதவீதம். ஸ்டாப்வாட்சில் கண்ணுக்கே தெரியாது. உராய்வு ஆட்டத்தைச் சீக்கிரம் நிறுத்தும். வேகத்தை அநேகமாகத் தொடாது.

உண்மையில் நடப்பது வேறு. குழாய் இறங்கும்போது அதன் அடிக்குக் கீழே இருக்கும் தண்ணீர் ஒதுங்கி வழிவிட வேண்டும். ஏறும்போது அந்த இடத்தை நிரப்ப ஓடி வர வேண்டும். குழாய் முடுகும் ஒவ்வொரு தடவையும் இந்தத் தண்ணீரும் முடுகியாக வேண்டும். எனவே நகரும் நிறை m அல்ல, m + mₐ. தட்டையான அடி கொண்ட உருளைக்கு mₐ அதன் ஆரத்தின் மும்மடியைப் பொறுத்தது. இந்த ஆரத்துக்கு 20 முதல் 35 கிராம் வரை எதிர்பார்க்கலாம். 500 கிராமில் இது சுமார் ஐந்து சதவீதம். மகளுக்குக் குறைந்ததும் அதே ஐந்து சதவீதம்தான்.

இந்த mₐ-வை ஊகித்துக் கழிக்கத் தேவையில்லை. எடையை மாற்றி மாற்றி அளந்தால் அது தானே வெளியே வந்துவிடும்:

```
T² = (4π² / ρgA) · m + (4π² / ρgA) · mₐ
```

கிடை அச்சில் m, குத்தச்சில் T² என்று வரைபடம் போட்டால் நேர்கோடு வரும். ஆனால் அது ஆதிப்புள்ளி வழியாகப் போகாது. சாய்விலிருந்து g கிடைக்கிறது, mₐ அதில் கலப்பதே இல்லை. கோட்டைப் பின்னால் நீட்டினால் எதிர்ப்பக்கத்தில் m அச்சை வெட்டும் இடம்தான் mₐ. உதாரணத்துக்கு mₐ 26 கிராம் என்றால், 400, 500, 600, 700 கிராமுக்கு T முறையே 0.936, 1.040, 1.134, 1.222 வினாடி வர வேண்டும். முதலும் கடைசியும் எடுத்தால், T² 0.876-லிருந்து 1.493 ஆகிறது, சாய்வு 0.617 ÷ 0.3 = 2.06. இதைத் திருப்பிப் போட்டால் g 9.78-ஐ ஒட்டி வரும்.

செய்முறையில் கவனிக்க வேண்டியவை உண்டு. குழாய் 40 செ.மீ. நீளம் போதும். 400 கிராமில் மணல் போட்டால் குழாய் சாய்ந்துவிட வாய்ப்பு அதிகம். மெல்லிய குழாய் நிமிர்ந்து நிற்க, அதன் ஈர்ப்பு மையம் நீரில் மூழ்கிய பகுதியின் நடுப்புள்ளிக்குக் கீழே இருக்க வேண்டும். 400 கிராமில் மூழ்குவது 20 செ.மீ., நடுப்புள்ளி அடியிலிருந்து 10 செ.மீ. உயரத்தில். வெறும் குழாய் சுமார் 170 கிராம் என்றால், மீதிக்கு மணல் போட்டால் ஈர்ப்பு மையம் 11 செ.மீ.க்கு ஏறிவிடுகிறது, இரும்பு நட்டுகள் போட்டால் ஒன்பதரைக்கு இறங்கிவிடும். ஆகவே ஹார்டுவேர் கடையில் நட்டுகளே வாங்குங்கள். அவை உள்ளே உருளாதபடி மேலே பஞ்சை அமுக்கி வைத்து, அதையும் சேர்த்து எடை போடுங்கள்.

அடியில் மாட்டும் மூடி குழாயைவிட அகலம். எனவே மூழ்கிய ஆழத்தை ஸ்கேலில் அளந்து T = 2π√(h/g) என்று போடுவதைத் தவிருங்கள்; மூடி விலக்கும் கூடுதல் தண்ணீர் அந்த ஆழத்தைக் குறைத்துக் காட்டும். சமையலறைத் தராசில் m எடுப்பதே சரி. A என்பது நீர்மட்டம் குழாயைத் தொடும் இடத்தின் பரப்பு மட்டும். அங்கே வெர்னியரை வைத்து, ஒன்றுக்கொன்று செங்குத்தான இரண்டு திசையிலும் விட்டம் பாருங்கள். பிவிசி குழாய் முழு வட்டமாக இருப்பது அபூர்வம், அரை மி.மீ. பிசகினால் g-யில் இரண்டு சதவீதம் போய்விடும்.

நேரத்தையும் கையால் எடுக்க வேண்டாம். பொத்தான் அழுத்துவதில் 0.1 வினாடி பிசகினாலே ஐந்து ஆட்டத்துக்கு g நாலு சதவீதம் மாறும்; தேடுகிற விளைவே அதில் மூழ்கிவிடும். போனில் ஸ்லோமோஷன் வீடியோ எடுத்து, குழாய் மிகக் கீழே இருக்கும் கணங்களுக்கு இடையிலான பிரேம்களை எண்ணுங்கள். ஒன்றரை செ.மீ.க்கு மேல் அழுத்தாமல், மேல் விளிம்பின் நடுவே திருகாமல் விடுங்கள். முதல் ஐந்து ஆட்டம் போதும். அதற்குப் பிறகு சுவரில் பட்டுத் திரும்பும் அலை குழாயைத் தொந்தரவு செய்யும்.

பக்கெட் சிறியது, குழாய் இறங்கினால் நீர்மட்டம் ஏறுமே, அதைத் திருத்த வேண்டாமா என்று ஆசிரியர் கேட்கலாம். நீர்மட்டம் ஏறுவதால் மீட்பு விசை கூடுவது உண்மை. ஆனால் பக்கவாட்டில் மேலேறும் தண்ணீருக்கும் நிறை உண்டு. அது நகரும் நிறையையும் ஏறத்தாழ அதே விகிதத்தில் கூட்டுகிறது. இரண்டும் ஒன்றையொன்று அடித்துவிடும். ஒன்றை மட்டும் திருத்தினால்தான் பிழை வரும்.

பக்கெட்டின் உண்மையான குறை ஆழம். 700 கிராமில் குழாய் 36 செ.மீ. மூழ்கும், சாதாரண பக்கெட்டில் தரை தட்டிவிடும். தண்ணீர் பிடித்து வைக்கும் நீல டிரம் வீட்டில் இருந்தால் அதில் செய்யுங்கள். குழாயின் அடிக்கும் தரைக்கும் குறைந்தது 10 செ.மீ. இடைவெளி இருக்கட்டும். இடைவெளி குறைந்தால் தண்ணீர் நெருக்கிக்கொண்டு ஓட வேண்டியிருக்கும், mₐ கூடும். வரைபடத்தில் கனமான எடைகளின் புள்ளிகள் மட்டும் கோட்டைவிட்டு மேலே வளைந்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.