ஒரே யோசனை, ஒரே மேலாளர், இரண்டு கடிதங்கள்

கேள்வி: பெங்களூரில் ஒரு தொழிற்சாலையில் இரண்டு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். புதிய யோசனை எதையாவது மேலாளருக்கு மின்னஞ்சலில் எழுதினால், முழுவதும் படித்தாரா என்றே தெரியவில்லை, உடனே “இது நமக்குச் சரிவராது” என்று பதில் வந்துவிடுகிறது. அவர் மறுக்காமல் உட்கார்ந்து பேசும்படி எப்படி எழுதுவது?

பதில்:

பீன்யாவில் உதிரிபாகங்கள் கடைந்து கொடுக்கும் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதகராக இருந்தபோது, ஒரே யோசனையை ஒரே மேலாளருக்கு இரண்டு முறை எழுதினேன். முதல் கடிதத்துக்கு ஒற்றை வரியில் மறுப்பு வந்தது. ஐந்து மாதம் கழித்து எழுதிய இரண்டாவது கடிதத்துக்கு மூன்று கேள்விகள் வந்தன. இடைப்பட்ட காலத்தில் யோசனையும் மாறவில்லை, மேலாளரும் மாறவில்லை. ஆகவே உங்கள் கேள்விக்கு அந்த இரண்டு கடிதங்களை வைத்தே பதில் சொல்ல முடியும் என்று நினைக்கிறேன்.

முதலில் வேலையைச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் கடைந்த எஃகுப் பாகம் ஒன்றில் 25 மி.மீ. துளை உண்டு. அதன் விட்டம் 25.000 முதல் 25.021 மி.மீ. வரை இருக்கலாம், அதாவது 21 மைக்ரான்தான் இடம். துளையைக் கடையும் சிறு வெட்டுத் துண்டான இன்செர்ட்டின் முனை தேயத் தேயத் துளை சிறுத்துக்கொண்டே வரும். முனை 5 மைக்ரான் தேய்ந்தால் விட்டம் 10 மைக்ரான் குறைந்துவிடும். ஆபரேட்டர் அதைக் கவனித்து, இயந்திரத்தில் வெட்டும் அளவைத் திருத்தும் ஆப்செட்டைச் சற்றுக் கூட்டிப் போட்டால் சரியாகிவிடும். அளவுக்கு மீறிக் கூட்டினால் துளை பெரிதாகிப் பாகம் கழிவுக்குப் போகும். எங்கள் தொழிற்சாலையில் எல்லாப் பாகங்களையும் கடைசியில் மொத்தமாக அளந்து, ஆகாதவற்றைப் பிரித்தெடுப்பதே வழக்கமாக இருந்தது. கடையும்போதே இயந்திரத்தின் அருகில் இடையிடையே அளக்கலாம் என்பது என் யோசனை.

முதல் கடிதம் மூன்று பக்கம். “தற்போதைய பரிசோதனை முறையின் குறைபாடுகள்” என்று தலைப்பிட்டிருந்தேன். பாகம் கெட்ட பிறகு கண்டுபிடிப்பதில் பயனில்லை என்று தொடங்கி, எல்லா லேத்துகளிலும் புதிய முறையை அடுத்த மாதமே கொண்டுவர வேண்டும் என்று முடித்து, ஆலைத் தலைவருக்கும் ஒரு நகல் அனுப்பினேன். ஒரு வாடிக்கையாளர் புகாரால் சரக்கு திரும்பி வந்தபோது, இரவும் பகலும் நின்று அந்தப் பரிசோதனை முறையை ஏற்படுத்தியவரே என் மேலாளர்தான் என்பது எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும், அது கடிதத்தில் இடம்பெற வேண்டிய செய்தி என்று எனக்குத் தோன்றவில்லை. “ஏற்கெனவே பேசி முடிவான விஷயம்” என்று அவர் எழுதியதில் வியப்பில்லை. மேலதிகாரி பார்த்துக்கொண்டிருக்கும்போது, தம் முறை பயனற்றது என்ற தீர்ப்புக்கு ஒருவர் வேறு என்ன பதில் எழுத முடியும்? அந்தக் கடிதத்தில் அவர் பதில் சொல்வதற்கென்று இருந்த இடம் “ஆம்” அல்லது “இல்லை” மட்டும்தான்.

இரண்டாவது கடிதத்தை எழுதுவதற்கு முன் மூன்று நாட்கள் ஒரு வேலை செய்தேன். கடைந்த பாகங்கள் வழக்கமாகக் கூடையில் கொட்டப்படும். எது முதலில் வந்தது, எது பின்னால் வந்தது என்பது அதோடு தொலைந்துவிடும். ஒரு லேத்தில் மட்டும், வந்த வரிசையிலேயே தட்டுகளில் அடுக்கிவைக்கும்படி அங்கிருந்த ஆபரேட்டர் அண்ணனிடம் கேட்டுக்கொண்டேன். தர்மபுரிக்காரரான அவர், காரணம் கேட்காமலேயே செய்து கொடுத்தார். அதன் பிறகு எழுதிய கடிதத்தின் தமிழ் வடிவம் இது. மேலாளர் கோயம்புத்தூர்க்காரர், எங்களுக்குள் பேச்சு தமிழில்தான் என்றாலும், அலுவலகக் கடிதம் ஆங்கிலத்தில் போனது.

“பொருள்: 25 மி.மீ. துளை, மூன்று நாள் அளந்ததில் எழுந்த ஒரு சந்தேகம்

சார்,

எல்லாப் பாகங்களையும் இறுதியில் அளக்கத் தொடங்கிய பிறகு, துளை அளவு பற்றி வாடிக்கையாளரிடமிருந்து ஒரு புகாரும் வரவில்லை. அந்தப் பரிசோதனை இப்படியே தொடரும் என்று வைத்துக்கொண்டே இதை எழுதுகிறேன்.

சென்ற வாரம் 4ஆம் எண் லேத்தில், பகல் ஷிஃப்டில், மூன்று நாட்கள் பாகங்களைக் கடைந்த வரிசையிலேயே அளந்தேன். 318 பாகங்களில் 14இல் துளை சிறுத்திருந்தது. அவற்றில் 11 பாகங்கள், இன்செர்ட் மாற்றுவதற்குச் சற்று முன் வந்த கடைசி 20 பாகங்களுக்குள் இருந்தன. ஒரே இயந்திரத்தில் மூன்றே நாள் பார்த்தது என்பதால், மற்ற லேத்துகளிலும் இப்படித்தான் என்று சொல்ல இயலாது.

இதே லேத்தில், இரண்டு வாரம், பகல் ஷிஃப்டில் மட்டும், பத்துக்கு ஒரு பாகத்தை அங்கேயே அளந்து தாளில் குறித்துப் பார்க்கலாமா? இதற்கு வேண்டியவை, இப்போது பயன்பாட்டில் இல்லாத, துளை அளக்கும் போர் கேஜும் அதைச் சரிபார்க்கும் மாஸ்டர் வளையமும்தான். ஷிஃப்டின் உற்பத்தி 110இலிருந்து 105க்குக் கீழே இறங்கினால் அன்றே நிறுத்திவிடலாம்.

இரண்டு விஷயங்கள் எனக்குத் தெளிவாகவில்லை. அளக்க வேண்டியது ஆபரேட்டரா, நானா? இந்தப் பாகத்துக்குப் பத்துக்கு ஒன்று போதுமா? வியாழக்கிழமை மதியம் பதினைந்து நிமிடம் கிடைத்தால், தட்டையும் அளவுத் தாளையும் கொண்டு வருகிறேன்.”

அவ்வளவுதான். நகல் யாருக்கும் போகவில்லை. மாதக் கடைசியில் சரக்கு அனுப்பும் நெருக்கடி முடிந்த பிறகு, ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அனுப்பினேன்.

முதல் பத்தியை முகத்துதி என்று நினைத்துவிடாதீர்கள். புகார் வரவில்லை என்பது சரிபார்க்கக்கூடிய உண்மை. பழைய முறை எந்தத் தேவைக்காக வந்ததோ அந்தத் தேவை கைவிடப்படாது என்று அந்தப் பத்தி உறுதி கொடுக்கிறது. அது இல்லாவிட்டால், படிப்பவர் கடிதம் முழுவதையும் “நாளை மறுபடியும் புகார் வந்தால் யார் பொறுப்பு” என்ற அச்சத்தோடுதான் படிப்பார். உங்கள் யோசனை இப்போதுள்ள எதையாவது நீக்கச் சொல்கிறதா, கூடுதலாக ஒன்றைச் செய்து பார்க்கச் சொல்கிறதா என்பதை எழுதுவதற்கு முன் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். நீக்கச் சொல்வதாக இருந்தாலும், முதல் கடிதத்தில் சேர்த்துப் பார்ப்பதை மட்டும் கேட்பதே நல்லது. நீக்குவதைச் சோதனையின் முடிவு வந்த பிறகு பேசலாம்.

இரண்டாவது பத்தியில் கண்டதை மட்டும் எழுதி, அதன் வரம்பையும் நானே எழுதினேன். “மூன்று நாளில் என்ன தெரியும்?” என்று அவர் கேட்க வேண்டிய கேள்வியை நானே முன்வைத்துவிட்டதால், அவருடைய கவனம் 14இல் 11 என்ற எண்ணுக்குத் திரும்பியது. டொயோட்டா நிறுவனத்தில் ஒரு பிரச்சினையை ஏ3 தாளின் ஒரே பக்கத்தில், இடப்பாதியில் இப்போதைய நிலையும் காரணமும், வலப்பாதியில் தீர்வும் திட்டமுமாக எழுதும் பழக்கம் உண்டு. இடப்பக்கத்தில் இருவரும் ஒத்துப்போகாத வரை வலப்பக்கத்தைப் பேசிப் பயனில்லை என்பதே அந்த அமைப்பிலிருந்து நான் எடுத்துக்கொண்டது. என் முதல் கடிதம் வலப்பக்கத்தை மட்டுமே மூன்று பக்கத்துக்கு நீட்டியிருந்தது.

ஆனால் பேச்சைத் தொடங்கிவைத்தது கடைசிப் பத்தி என்று உறுதியாகச் சொல்வேன். அந்த இரண்டு கேள்விகளுக்கும் எனக்கு உண்மையாகவே விடை தெரியாது. அவருக்குத் தெரிய வாய்ப்பு உண்டு. விடையை மனத்தில் வைத்துக்கொண்டு “இது நல்லதுதானே சார்?” என்று கேட்பது கேள்வியாகாது, அனுபவம் உள்ளவர் அதை முதல் பார்வையிலேயே கண்டுகொள்வார். உங்கள் யோசனையில் தெளிவில்லாத இடம் ஒன்றுகூட உங்களுக்குத் தென்படவில்லை என்றால், அந்த வேலையை நேரில் செய்பவரிடம் அரை மணி நேரம் பேசிவிட்டு வாருங்கள், கட்டாயம் கிடைக்கும்.

மேலாளரிடமிருந்து அன்று மாலையே பதில் வந்தது. “மெஷினிலிருந்து எடுத்த சூட்டோடு அளந்தால் அளவு சரியாக வருமா? நிறுத்தி அளந்தால் ஆபரேட்டரின் ஊக்கத்தொகை என்னாவது? கேஜை எத்தனை மணிக்கு ஒருமுறை வளையத்தில் சரிபார்ப்பாய்?” மூன்றும் ஆட்சேபங்கள்தான். ஆனால் யோசனைக்குள் இறங்கி நின்று எழுப்பிய ஆட்சேபங்கள். முதல் கேள்வி நான் நினைத்தே பார்க்காதது. எஃகுப் பாகம் 10 டிகிரி கூடுதல் சூட்டில் இருந்தால் 25 மி.மீ. துளை ஏறத்தாழ 3 மைக்ரான் விரிந்து காட்டும். 21 மைக்ரானில் 3 என்பது சிறிதல்ல. சிறுத்துப்போன துளையும் சரியானதுபோல் தோன்றிவிடும். பாகத்தை எடுத்தவுடன் அளக்காமல், ஐந்து பாகங்களுக்கு முன் கடைந்ததை எடுத்து அளப்பது என்று வியாழக்கிழமை முடிவு செய்தோம். ஒரு பாகத்துக்கு நான்கு நிமிடம் என்பதால், அது இருபது நிமிடம் ஆறியிருக்கும். அடுத்த பாகம் ஓடும் நான்கு நிமிடத்துக்குள் அளந்துவிடலாம் என்பதால், இயந்திரத்தை நிறுத்த வேண்டியதும் இல்லை என்று ஆயிற்று. அளப்பது ஆபரேட்டரே என்றும், ஷிஃப்டுக்கு இரண்டு முறை நான் கேஜைச் சரிபார்ப்பது என்றும் அவர் சொன்னார்.

கடிதம் வேலை செய்ததா என்பதை இப்படித்தான் அளக்க வேண்டும். வந்த பதிலில் உங்கள் யோசனையின் ஏதாவது ஒரு பகுதியைத் தொட்டு ஒரு கேள்வியோ திருத்தமோ இருந்தால், அது பேச்சுக்குள் வந்துவிட்டது. “பார்க்கலாம்” என்று மட்டும் வந்தால், ஒரு வாரம் விட்டு, முழுக் கடிதத்தையும் நினைவூட்டாமல், அதிலிருந்த ஒரே ஒரு கேள்வியை நேரில் கேளுங்கள். முடிவெடுக்கும் அதிகாரமே அவரிடம் இல்லாதபோதும் “பார்க்கலாம்” என்றுதான் பதில் வரும். அப்போது, மேலே எடுத்துச்செல்ல அவருக்கு என்ன விவரம் வேண்டும் என்று கேட்பதே சரியான கேள்வி.

இந்த முறைக்கு ஒரு எல்லை உண்டு. லேத்தின் பாதுகாப்புக் கதவைத் திறந்து வைத்தபடி இயக்குகிறார்கள் என்றால், அதை “ஒரு சந்தேகம்” என்று எழுதி, இரண்டு வாரச் சோதனை கேட்கக் கூடாது. ஆளுக்கு ஆபத்து உள்ள இடத்தில் நேரடியாகச் சொல்லி, அன்றே நிறுத்தக் கேட்க வேண்டும். நகலும் போக வேண்டும்.

எங்கள் சோதனை இரண்டு வாரம் என்று தொடங்கி மூன்று வாரம் நடந்தது. தாளில் விழுந்த புள்ளிகள் இறங்கும் வேகத்தைப் பார்த்த ஆபரேட்டர் அண்ணன், “தேயும் வரை காத்திருக்காமல் எண்பது பாகம் ஆனதும் இன்செர்ட்டை மாற்றிவிட்டால் என்ன?” என்று கேட்டார். மேலாளர் அதை எல்லா லேத்துகளுக்கும் எழுத்தில் கொண்டுவந்தபோது, அந்த உத்தரவின் முதல் வரியில் அந்த அண்ணனின் பெயரைத்தான் குறிப்பிட்டிருந்தார்.